வினைச்சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டாம்

கேள்வி: நான் மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு நெல் விஞ்ஞானி எங்கள் ஊருக்கு வருகிறார். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் முறை பற்றிப் பேசப்போகிறார். விவசாயிகளுக்கு ஹெட்செட் கொடுத்து, அவர் பேசப் பேச நான் மைக்கில் தமிழில் சொல்ல வேண்டுமாம். காலை 10 மணி முதல் 1 மணி வரை. வீடியோ போட்டுப் பழகிப் பார்த்தேன். வாக்கியம் நீளமாக இருந்தால் முடிவதற்குள் முன்பாதி மறந்துவிடுகிறது. வேகமாகப் பேசினால் நெஞ்சு படபடத்து வாய் அடைத்துக்கொள்கிறது. பேச்சாளருக்கு எத்தனை விநாடி பின்னால் போக வேண்டும்? இதற்கு என்ன வழி, மேடம்?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

முதலில் உங்கள் நிறுவனத்தில் பேசி இன்னொருவரை ஏற்பாடு செய்யுங்கள். மூன்று மணி நேரம் தனியாள் செய்கிற வேலை இல்லை இது. உலகம் முழுக்க உடனடி மொழிபெயர்ப்பில் இரண்டு பேர் உட்கார்ந்து 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் போனால் தப்பு கூடும். அந்தத் தப்பு நமக்கே தெரியாமல் போய்விடுவதுதான் பெரிய ஆபத்து. நன்றாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே பாதியை விட்டுவிட்டுப் போவோம். இரண்டாவது ஆள் உங்கள் அளவுக்கு ஆங்கிலம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. அவர் முறை வரும்போது கொஞ்சம் சுமாராகச் சொன்னாலும் பரவாயில்லை. உங்கள் முறையில் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை எழுதிக் காட்டினாலே பாதிப் பாரம் குறையும். ஆள் கிடைக்கவே இல்லை என்றால், விஞ்ஞானி இரண்டு வாக்கியம் பேசி நிறுத்த நீங்கள் தமிழில் சொல்லும் பழைய முறைக்கே நிகழ்ச்சியை மாற்றச் சொல்லுங்கள். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.

சரி, எத்தனை விநாடி என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக இரண்டு முதல் நான்கு விநாடி என்று சொல்வார்கள். ஆனால் கடிகாரத்தை வைத்து இதைப் பழகினால் கெட்டுப்போவீர்கள். அளவு விநாடியில் இல்லை, பொருளில் இருக்கிறது. பேச்சாளர் சொன்னதில் ஒரு சின்னச் சங்கதி உங்களுக்குப் புரிந்துவிட்டது, அதைத் தனியாகச் சொன்னால் கேட்பவருக்கும் புரியும் என்றால் உடனே வாயைத் திறக்கலாம். அதற்கு முன்னால் திறந்தால் சொல்லுக்குச் சொல் ஒட்டிக்கொண்டு ஓடுவீர்கள், தமிழ் தமிழாக இருக்காது. அதைத் தாண்டிக் காத்திருந்தால் மூட்டை கனத்துவிடும். நீங்கள் முன்பாதி மறந்துவிடுகிறது என்று சொல்வது ஞாபகசக்திக் குறை இல்லை. வாக்கியம் முடியட்டும் என்று காத்திருக்கிறீர்கள், அதனால் வருவது.

ஏன் காத்திருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். 'எந்த விவசாயி' என்கிற விவரமெல்லாம் 'விவசாயி' என்கிற சொல்லுக்கு முன்னால் வரும். 'ஆல்' என்று முடிகிற நிபந்தனை முன்னால் வரும். ஆங்கிலம் இதற்கு நேர்தலைகீழ். விஷயத்தை முதலில் சொல்லிவிட்டு விவரங்களைப் பின்னால் கோத்துக்கொண்டே போகும். பள்ளியில் மொழிபெயர்ப்புப் பாடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது, ஆங்கில வாக்கியத்தின் வாலில் இருந்து தொடங்கித் தலைக்கு வா என்று. தாளில் எழுதும்போது அது சரி. காதில் கேட்டுக்கொண்டே சொல்லும்போது வால் இன்னும் வந்தே இருக்காதே!

ஒரு வாக்கியத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். உங்கள் விஞ்ஞானி கட்டாயம் இப்படி ஒன்று சொல்வார். ஆங்கிலத்தில் அவர் வாயிலிருந்து வரும் வரிசையை அப்படியே தமிழில் துண்டு துண்டாகத் தருகிறேன்:

விவசாயிகள் / வாய்க்கால் தண்ணீர் முறையாகக் கிடைப்பவர்கள் / பாசனத்தைக் குறைக்கலாம் / மகசூல் இழப்பு இல்லாமல் / 'ப்ரொவைடட் தட்' / அவர்கள் தண்ணீரை இறங்க விட வேண்டும் / 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் / மண்மட்டத்துக்குக் கீழே / மறுபடி வயலில் தேக்குவதற்கு முன் / 'எக்ஸெப்ட்' / பூக்கும் சமயம் / அப்போது வயலில் தண்ணீர் நிற்க வேண்டும்.

இதைப் பத்திரிகைத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதினால், கடைசியில் வந்த பூக்கும் சமயம்தான் முதலில் வரும். 'பூக்கும் பருவம் நீங்கலாக, நீர்மட்டத்தை மண்ணுக்குக் கீழ் 15 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் இறங்கவிட்டு மறுபடி பாய்ச்சினால், முறையாக வாய்க்கால் நீர் கிடைக்கும் விவசாயிகள் மகசூல் இழப்பின்றிப் பாசனத்தைக் குறைக்கலாம்.' எழுதுவதற்கு நல்ல வாக்கியம். மைக்கில் இதைச் சொல்ல அவர் முழுதாக முடிக்கும்வரை நீங்கள் வாய்மூடி இருக்க வேண்டும். பதினைந்து விநாடியாவது ஆகும். நீங்கள் ஆரம்பிக்கும்போது அவர் அடுத்த வாக்கியத்தில் பாதி தூரம் போயிருப்பார்.

மைக்கில் சொல்ல வேண்டியது இப்படி: 'வாய்க்கால் தண்ணி ஒழுங்கா வருதுன்னு வெச்சுக்கங்க. அந்த விவசாயிங்க தண்ணி பாய்ச்சறதைக் குறைக்கலாம். மகசூல் குறையாது. ஆனா ஒரு நிபந்தனை. தண்ணி இறங்கட்டும்னு விடணும். எவ்வளவுன்னா, 15 சென்டிமீட்டர் வரைக்கும்தான். மண்ணுக்குக் கீழ. அப்புறம் மறுபடி கட்டணும். பூக்கிற சமயத்துல மட்டும் இது கூடாது. அப்ப தண்ணி நிக்கணும்.'

இதில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு துண்டும் அவர் சொன்ன வரிசையிலேயே போகிறது. எந்தத் துண்டும் அடுத்த துண்டுக்காகக் காத்திருக்கவில்லை. ஒவ்வொன்றிலும் வினை முடிந்துவிட்டது, எனவே தலையில் எதையும் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் நடுவில் நிறுத்தி இருமினாலும், பேச்சை மாற்றினாலும், உங்கள் கடைசி வாக்கியம் அந்தரத்தில் தொங்காது.

இந்த வித்தையைக் கொடுப்பது நம்முடைய பேச்சுத்தமிழ்தான். '-ன்னு வெச்சுக்கங்க', 'எப்படின்னா', 'எவ்வளவுன்னா', 'ஏன்னா', 'அது எதுன்னா', 'எப்பன்னா', 'ஆனா ஒண்ணு' – இவையெல்லாம் டீக்கடையில் நாம் நாள் முழுக்கப் பயன்படுத்துகிற கொக்கிகள். வினையை முடித்துவிட்டு, அதற்குப் பின்னால் விவரத்தை மாட்டுவதற்கு இவை வழிவிடுகின்றன. ஆங்கிலத்தில் 'பிகாஸ்' வந்தால் 'ஏன்னா'. 'விச்' வந்தால் முதல் வாக்கியத்தை முடித்துவிட்டு 'அது' என்று தொடங்குங்கள். 'பை' என்று ஒரு செய்முறையை நீட்டினால் 'எப்படின்னா'. 'இஃப்' வாக்கியத்தின் முதலில் வந்தால் '-ன்னு வெச்சுக்கங்க' என்று அந்தத் துண்டையே மூடிவிடுங்கள். 'இஃப்' கடைசியில் வந்தால் 'ஆனா ஒரு நிபந்தனை'. இந்த ஏழெட்டுக் கொக்கிகளை யோசிக்காமல் நாக்கில் வருகிற அளவுக்குப் பழகிக்கொண்டால் நீள வாக்கியம் என்கிற பயம் பெரும்பாலும் போய்விடும்.

இன்னொரு லாபமும் உண்டு. 'நீர்ப்பாசனம் மேற்கொள்ளப்பட வேண்டும்' என்பதைச் சொல்ல ஆகும் நேரத்தில் 'தண்ணி கட்டணும்' என்பதை இரண்டு தடவை சொல்லிவிடலாம். மேடைத்தமிழில் சொல்களின் நீளமே உங்களைப் பின்னுக்கு இழுக்கும். ஹெட்செட்டில் கேட்பவர் வரப்பில் நின்று பேசுகிற மனிதர். அவரிடம் அவர் பேச்சிலேயே பேசுங்கள். மரியாதை குறைந்துவிடுமோ என்று நினைக்காதீர்கள். '-ங்க' சேர்த்தால் போதும்.

நறுக்குவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 'மகசூல் குறையாது' என்று நீங்கள் முற்றுப்புள்ளி வைத்துச் சொல்லிவிட்டீர்கள். நிபந்தனை இன்னும் வரவில்லை. அந்த இடத்தில் நீங்கள் தும்மினாலோ 'ப்ரொவைடட்' என்பதைத் தவறவிட்டாலோ, கடைசி வரிசையில் இருக்கிறவர் 'தண்ணியைக் குறைச்சா ஒண்ணும் ஆகாதாம்' என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். பூக்கும் சமயத்தில் வயலைக் காயப்போட்டுவிட்டால் மணி பிடிக்காமல் பதராகும். ஆகவே துண்டை முடிக்கும்போது வினையை முடியுங்கள், குரலை முடிக்காதீர்கள். குரல் கொஞ்சம் மேலே தூக்கியபடி நின்றால் 'இன்னும் இருக்கிறது' என்று கேட்பவருக்குத் தெரியும். நிபந்தனையையும் விதிவிலக்கையும் சொல்லும்போது மட்டும் அழுத்தம் கொடுத்துக் குரலைக் கீழே இறக்குங்கள்.

மிகவும் கவனமாக நறுக்க வேண்டிய இடம் ஒன்று: எதிர்மறை. ஆங்கிலத்தில் 'நாட்' சீக்கிரம் வந்துவிடும், தமிழில் 'இல்லை', 'கூடாது' கடைசியில்தான் வரும். துண்டு நீண்டால் கடைசிக்குப் போவதற்குள் அந்த 'நாட்' கழன்று விழுந்துவிடும். தொழிலில் நடக்கும் தப்புகளில் இதற்குமேல் மோசமானது இல்லை, ஏனென்றால் வாக்கியம் அழகாகத்தான் இருக்கும், பொருள் மட்டும் தலைகீழாக இருக்கும். நான் பக்கத்தில் எப்போதும் ஒரு தாள் வைத்திருப்பேன். 'நாட்', 'நெவர்', 'அன்லெஸ்' எது காதில் விழுந்தாலும் கை தானாகவே ஒரு பெருக்கல் குறி போடும். அதைச் சொல்லி முடித்ததும் அடித்துவிடுவேன். தாளில் அடிக்காத பெருக்கல் குறி நின்றால் எங்கேயோ ஒரு 'இல்லை'யை விழுங்கிவிட்டேன் என்று பொருள், உடனே ஒரு திருத்த வாக்கியம் போட்டுவிடலாம். 'ஐ டோன்ட் திங்க்' என்று அவர் தொடங்கினால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அந்த 'டோன்ட்' பின்னால் வருகிற சங்கதியோடு சேர வேண்டியது. சங்கதி வரட்டும், அதை எதிர்மறையாக்கியே சொல்லுங்கள்.

இடைவெளியைப் பற்றி இன்னும் ஒன்று. அது எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. விஞ்ஞானி அனுபவம் சொல்கிறார், கதை சொல்கிறார் என்றால் தாராளமாகப் பின்னால் நில்லுங்கள், பொருள் தெளிவாகும், தமிழும் நன்றாக வரும். எண் வந்தால் உடனே அவர் முதுகோடு ஒட்டிவிடுங்கள். எண்ணுக்குப் பொருளால் பிடிமானம் கிடையாது. 15 என்பது 50 ஆகவும் இருக்கலாம், முன்பின் வாக்கியம் அதைக் காப்பாற்றாது. சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை அப்படியே நிறுத்தி எண்ணை முதலில் இறக்குங்கள், மிச்சத்தை அப்புறம் சொல்லலாம். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' குழப்பத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் காட்டுவதுதான் மருந்து.

மனக்கணக்கு வேண்டவே வேண்டாம். அவர் ஹெக்டேரில் பேசுவார், உங்கள் ஆட்கள் ஏக்கரிலும் மாவிலும் நினைப்பார்கள். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், நம் பக்கத்து மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். இதை நிகழ்ச்சிக்கு முன்னாலேயே ஒரு சிறு அட்டவணையாக எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். ஹெக்டேருக்கு 5 டன் என்றால் ஏக்கருக்கு 2 டன், 6 என்றால் சுமார் 2,400 கிலோ என்கிற மாதிரி. 'மில்லியன்' என்றால் பத்து லட்சம், 'பில்லியன்' என்றால் நூறு கோடி என்பதும் அதில் இருக்கட்டும். அட்டவணையில் இல்லாத எண் வந்தால் ஹெக்டேர் என்றே சொல்லிவிட்டுப் போங்கள். தப்பான ஏக்கர் கணக்கைவிடச் சரியான ஹெக்டேர் கணக்கு மேல்.

தலைப்பு முன்கூட்டியே தெரிந்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம். காய்ச்சலும் பாய்ச்சலும் பற்றிப் பேசினால் அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். சுமார் 30 சென்டிமீட்டர் நீளம், கீழ்ப்பாதியில் சுற்றிலும் ஓட்டை. ஓட்டைப் பாதி மண்ணுக்குள் போகும்படி வயலில் இறக்கி, உள்ளே இருக்கிற மண்ணை எடுத்துவிடுவார்கள். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மேலே 5 சென்டிமீட்டர் நிற்கிற அளவுக்கு மறுபடி கட்ட வேண்டும். நடவு முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து பூத்து ஒரு வாரம் வரை தண்ணீர் நிற்க வேண்டும். இவ்வளவு தெரிந்துகொண்டு போனால் அவர் வாக்கியத்தின் பாதியிலேயே மீதி எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வேகமாகப் பேசுகிறவரைச் சமாளிக்க இந்த ஊகம்தான் பெரிய துணை. தூர் கட்டுவது, சூல் கட்டுவது, கதிர் வெளிவருவது, பால் பிடிப்பது ஆகிய பருவங்களின் ஆங்கிலப் பெயர்களை வரிசையாக எழுதி, எதிரே உங்கள் ஊரில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவிடமோ பக்கத்து வயல்காரரிடமோ கேட்டு எழுதுங்கள், அகராதி பார்த்து எழுதாதீர்கள்.

இனி வேகம். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 120 சொல் என்றால் நமக்கு வசதி. எழுதியதை வாசிக்கிறவர்கள் 150-ஐத் தாண்டுவார்கள், வாசிப்பில் இயல்பான நிறுத்தமும் இருக்காது. அதனால் முதல் வேலை நிகழ்ச்சிக்கு முன்னால் அவரைச் சந்திப்பது. 'மெதுவாகப் பேசுங்கள்' என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டு இரண்டாவது நிமிடம் மறந்துவிடுவார்கள். 'எண் சொன்னதும் ஒரு மூச்சு நிறுத்துங்கள், படம் மாற்றும்போது ஒரு மூச்சு நிறுத்துங்கள்' என்று கேளுங்கள். அது நிற்கும். படங்களின் நகலை முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.

ஒரு மஞ்சள் அட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1945 நவம்பரில் நியூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்கள் மீதான விசாரணை தொடங்கியபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளில் உடனடி மொழிபெயர்ப்பு நடந்தது. பேசுபவர் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும் இருந்தன. மஞ்சள் எரிந்தால் மெதுவாகப் பேசு, சிவப்பு எரிந்தால் நிறுத்து. நிமிடத்துக்கு 60 சொல் வேகத்தில் பேசச் சொன்னார்கள். ஜெர்மன் மொழியிலும் வினை பல இடங்களில் கடைசிக்குப் போய்விடும் என்பதால், அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் உங்கள் கவலைதான். நீதிபதிகள் முன்னாலேயே விளக்கைப் போட்டு நிறுத்தினார்கள் என்றால், உங்கள் ஊர் மண்டபத்தில் நீங்கள் அட்டை தூக்குவதில் ஒரு கூச்சமும் வேண்டாம். கூட்டத்தை நடத்துபவரிடம் அட்டையைக் கொடுத்து, நீங்கள் கையைத் தூக்கினால் அவர் காட்டும்படி ஏற்பாடு செய்வது இன்னும் நல்லது. உங்கள் வாய் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

அட்டை காட்டியும் அவர் ஓடுகிறார் என்றால் நீங்களும் ஓடாதீர்கள். அவர் வேகம் கூடக் கூட நீங்கள் சொல்வதன் அளவைக் குறைக்க வேண்டும், உங்கள் வேகம் அப்படியே இருக்க வேண்டும். எதை விடுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. அவர் இப்படி ஓட்டுகிறார் என்று வையுங்கள்: 'நான் சற்றுமுன் சொன்னதுபோல, எங்கள் அருமையான சக பணியாளர்கள் பல நாடுகளில் மிகுந்த உழைப்போடு செய்து பார்த்ததில், இந்த எளிய, மலிவான, யாரும் செய்யக்கூடிய முறை பாசன நீரை 30 சதவீதம் வரை மிச்சப்படுத்துகிறது, அத்துடன் மீத்தேன் வெளியேற்றத்தையும் குறைக்கிறது, மீத்தேன் உங்களுக்குத் தெரியும், புவி வெப்பமாவதற்கு முக்கியமான ஒரு வாயு.' நீங்கள் சொல்வது: 'பல நாட்டுல செஞ்சு பார்த்திருக்காங்க. தண்ணி 30 சதவீதம் வரைக்கும் மிச்சம். மீத்தேன் வாயுவும் குறையுது. பூமி சூடாகறதுக்கு அது ஒரு காரணம்.' இவ்வளவுதான். போனது நன்றியும் அடைமொழியும் திரும்பச் சொன்னதும். நின்றது யார், என்ன, எவ்வளவு. அந்த 'வரைக்கும்' என்பதைக் கவனியுங்கள், அதை விட்டிருந்தால் எல்லோர் வயலிலும் 30 சதவீதம் மிச்சமாகும் என்று வாக்குக் கொடுத்ததாகிவிடும். 'அப் டு', 'அபவுட்', 'மே' போன்ற சின்னச் சொற்கள் வேகத்தில் முதலில் உதிரும். அடைமொழி நூறு உதிரட்டும், இவை உதிரக்கூடாது.

ஒரு துண்டு முழுதாகவே போய்விட்டது, பிடிக்க முடியவில்லை என்றால் அதைத் துரத்தாதீர்கள். போனதை நினைத்துக்கொண்டிருக்கும்போது வருவதும் போய்விடும், ஒரு வாக்கிய நஷ்டம் ஐந்து வாக்கிய நஷ்டமாகும். சொல்லிக்கொண்டிருப்பதை எப்படியாவது ஒரு வினையில் முடியுங்கள், ஒரு மூச்சு இழுங்கள், அவர் அடுத்து எங்கே தொடங்குகிறாரோ அங்கே ஏறிக்கொள்ளுங்கள். போனது ஒரு பட்டியலோ எண்ணோ என்றால், 'சில கணக்கு சொல்றாங்க, திரையில இருக்கு பாருங்க' என்று உள்ளதைச் சொல்லலாம். நீங்களாக ஒரு எண்ணைப் போட்டு நிரப்பவே கூடாது.

படபடப்பு வந்துவிட்டதா என்று நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், உங்கள் குரலைக் கேட்டாலே தெரியும். சுருதி ஏறும். வாக்கியங்கள் முடியாமல் '-ந்து', '-ட்டு' என்று நீளும். 'வந்து', 'அதாவது' நடுநடுவே முளைக்கும். இதற்காகவே பலர் ஹெட்போனை ஒரு காதில் பாதி விலக்கி வைத்துக்கொள்வார்கள், தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்று. அறிகுறி தெரிந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடுத்த மூன்று வாக்கியங்களை நாலைந்து சொல்லுக்குள் முடிப்பது. சின்ன வாக்கியம் முடிந்தால்தான் மூச்சு வெளியே போகும், மூச்சு ஒழுங்கானால் சுருதி தானே இறங்கும். தோளைத் தளர்த்து, தியானம் செய் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மைக் கையில் இருக்கும்போது அதெல்லாம் எனக்கு நடந்ததில்லை.

ஒரு பகுதிப் படபடப்பு உங்கள் மனசால் வருவதே இல்லை, காது சரியாகக் கேட்காததால் வருவது. உங்களுக்குக் கண்ணாடி அறை கிடைக்காது, மண்டபத்து ஓரத்தில்தான் உட்கார்த்தி வைப்பார்கள். மின்விசிறி, ஜெனரேட்டர், சமையல் நடக்கும் பக்கம் ஆகியவற்றுக்குத் தள்ளி, அவர் வாயும் திரையும் தெரிகிற இடமாகக் கேட்டு வாங்குங்கள். ஒலிபெருக்கியில் கேட்டுச் சொல்லாதீர்கள். மைக் செட்காரரிடம் சொன்னால் மிக்ஸரிலிருந்து உங்கள் காதுக்கு நேரே ஒரு ஒயர் இழுத்துக் கொடுப்பார். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் அதைப் போட்டுச் சரிபாருங்கள்.

இருக்கிற நாட்களில் பழகுவதற்கு இதைச் செய்யுங்கள். முதல் வாரம் ஆங்கிலமே வேண்டாம். வானொலியிலோ யூடியூபிலோ தமிழ்ச் செய்தியைப் போட்டு, அந்த நீள வாக்கியங்களைப் பேச்சுத்தமிழில் நறுக்கி நறுக்கிச் சொல்லிப் பழகுங்கள். கேட்டதை அப்படியே ஒப்பிக்கிற பயிற்சியைப் பலர் சொல்வார்கள். இரண்டொரு நாள் செய்யலாம், அதற்கு மேல் செய்தால் சொல்லோடு ஒட்டிக்கொள்கிற பழக்கம்தான் வரும் என்பது என் அபிப்பிராயம். அடுத்து நெல் பாசனம் பற்றிய ஆங்கில உரை ஒன்றை எடுத்து, வேகத்தை 0.75-க்குக் குறைத்துச் சொல்லிப் பாருங்கள், பிறகு அதையே இயல்பு வேகத்தில். ஒரு போனில் உரையை ஓடவிட்டு, இன்னொன்றில் உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைக்காமல் உங்கள் தமிழை மட்டும் கேளுங்கள். முடியாத வாக்கியம் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண் குறைந்துகொண்டே வந்தால் சரியான வழியில் போகிறீர்கள். அப்புறம் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு எண், எதிர்மறை, நிபந்தனை மூன்றை மட்டும் சரிபாருங்கள். வேறு எது விட்டுப்போயிருந்தாலும் இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள்.

கடைசியாக, விவசாயிகள் கேள்வி கேட்கும் நேரம். அதைப் பேசப் பேச ஆங்கிலத்தில் சொல்ல முயலாதீர்கள். நம் ஆட்கள் கேள்வி எப்படி வரும்? 'ஐயா, மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணி வந்து சேர இத்தனை நாளாகுது, அப்புறம் முறை வெச்சுத்தான் விடறாங்க, இதுல வயலைக் காயப்போட்டுட்டு அடுத்த முறைக்குத் தண்ணி வரலைன்னா, நீங்க சொல்ற மாதிரி 15 சென்டிமீட்டருக்குக் காத்திருக்கறது எங்களுக்கு...' இதுவரைக்கும் கேட்டும் அவர் 'முடியும்' என்கிறாரா, 'முடியாது' என்கிறாரா, 'முடியுமா' என்கிறாரா என்று தெரியாது. இங்கே காத்திருப்பதுதான் சரி. அவர் முழுதாகக் கேட்கட்டும், நீங்கள் குறித்துக்கொண்டு பிறகு இரண்டே வாக்கியத்தில் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: கடைமடையில் முறைப்பாசனம், அடுத்த முறை தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை, அங்கே இந்த முறை ஓடுமா என்று கேட்கிறார். விஞ்ஞானி யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. இப்படி நடத்தப்போகிறோம் என்று தொடக்கத்திலேயே நடத்துபவரிடம் சொல்லிவிடுங்கள், கேள்வி நேரத்துக்கு அரைமணி கூடுதலாக ஒதுக்குவார். கேட்பவர் கையில் மைக் போய்ச் சேர்ந்த பிறகுதான் பேச வேண்டும் என்பதையும் அவரையே அறிவிக்கச் சொல்லுங்கள். பின்வரிசைப் பெரியவர் எழுந்து நின்று மைக் இல்லாமலேயே ஆரம்பித்துவிட்டால், உங்கள் காதில் போட்டிருக்கிற ஒயரில் ஒன்றும் வராது.